ஆட்டுத்தொட்டியும் கோழிக்கடையும்: கொன்ற பாவம் யார் கணக்கில்?

புரட்டாசி பிறந்துவிட்டது என்பதைத் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் வரிசையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நான் ஜாம் பஜாரில் வழக்கமாக வாங்கும் கறிக்கடையின் வெற்றுக் கொக்கிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் காலை ஏழு மணிக்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும். புரட்டாசி ஞாயிற்றில் கடைக்கார பாய் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். போன புரட்டாசியில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். வியாபாரம் குறையும்போது ஆடு வெட்டுவதும் குறையுமா, அல்லது வழக்கம்போல வெட்டிவிட்டு மிச்சத்தை ஐஸ் பெட்டியில் வைப்பீர்களா?

"மிச்சம் வைத்தால் யார் வாங்குவார்கள் தம்பி? மற்ற மாதம் ஞாயிற்றுக்குப் பத்து ஆடு என்றால் இப்போது மூன்று. தேவையைப் பார்த்துத்தான் ஆட்டுத்தொட்டிக்கே போகிறேன்" என்றார்.

புளியந்தோப்பில் இருக்கும் மாநகராட்சி இறைச்சிக்கூடத்தைத்தான் சென்னையில் ஆட்டுத்தொட்டி என்று சொல்வோம். ஆடு அங்கே அறுபட்டு, கால்நடை மருத்துவரின் முத்திரையோடு விடியற்காலையில் கடைக்கு வருகிறது. அதனால் ஆட்டுக்கறி வாங்கும் நான் ஆடு சாவதைப் பார்ப்பதில்லை, அதன் சத்தத்தைக் கேட்பதும் இல்லை. நான்கு கடை தள்ளிக் கோழிக்கடை. அங்கே கூண்டைக் காட்டி "அதோ அந்தக் கோழி" என்று சொல்ல வேண்டும். நாம் நிற்கும்போதே எடையும் போடுவார்கள், அறுக்கவும் செய்வார்கள். ஒரே பையில் இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். இந்த இரண்டு கடைகளுக்கும் அறக்கணக்கில் வித்தியாசம் உண்டா? இந்திய மதங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டையிட்ட கேள்வி இது. புலால் கூடுமா கூடாதா என்ற வாதத்தைவிட, கத்திக்கும் வாய்க்கும் நடுவில் நிற்பவர்களில் யார் கணக்கில் அந்த உயிர் சேர்கிறது என்ற வாதம்தான் எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றியிருக்கிறது.

அந்தச் சண்டை தெருவுக்கே வந்த ஒரு சம்பவத்தை, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் பாலி விநய நூல் சொல்கிறது. வைசாலி நகரத்தில் சீகன் என்றொரு லிச்சவிச் சேனாபதி. மகாவீரரைப் பின்பற்றி வந்தவர், பிறகு புத்தர் பக்கம் வந்துவிட்டார். அந்த உற்சாகத்தில் புத்தரையும் பிக்குகளையும் விருந்துக்கு அழைத்தார். ஓர் ஆளைக் கூப்பிட்டு, ஏற்கெனவே விற்பனைக்கு இருக்கும் இறைச்சி கிடைக்கிறதா என்று பார்த்து வாங்கிவரச் சொன்னார். கடைச் சரக்கு, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் சமணத் துறவிகள் கைகளைத் தூக்கிக்கொண்டு வைசாலியின் தெருத்தெருவாகப் போய், சீகன் பெரிய விலங்கு ஒன்றைக் கொன்று கௌதமனுக்குச் சமைத்திருக்கிறான், தனக்காகக் கொல்லப்பட்டது என்று தெரிந்தே கௌதமன் அதைத் தின்கிறான் என்று கூவினார்கள். சேதி காதுக்கு வந்தும் சீகன் அசையவில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள், உயிரே போனாலும் நாங்கள் தெரிந்து ஓர் உயிரைப் பறிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பரிமாறினார்.

விருந்து முடிந்ததும் புத்தர் பிக்குகளுக்கு விதி வகுத்தார். தனக்காகக் கொல்லப்பட்டதைப் பிக்கு கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்குமோ என்ற ஐயமும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் தட்டில் விழுந்ததை உண்ணலாம். பிச்சையேற்று வாழ்பவன் 'இது வேண்டாம், அது வேண்டும்' என்று சொல்ல முடியாது என்ற நடைமுறையும் இதில் இருக்கிறது. பிக்குகள் எல்லாரும் புலாலை விட வேண்டும் என்று சங்கத்தில் இருந்த தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோது, விரும்பியவர் விடலாம், கட்டாயம் இல்லை என்று புத்தர் மறுத்துவிட்டார். அதே புத்தர், இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களில் இறைச்சி வணிகத்தையும் சேர்த்திருக்கிறார். கறி விற்பது தவறு, கறி ஏற்பது தவறில்லை. சமணர்கள் பிடித்துக்கொண்ட ஓட்டை இதுதான்.

சமணர்களின் கணக்குப் புத்தகம் இன்னும் இறுக்கமானது. செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்று மூன்று. ஒவ்வொன்றும் மனத்தால், மொழியால், மெய்யால். ஆக ஒன்பது வாசல். காசு கொடுத்து வாங்குபவன் கத்தியைத் தொடவில்லை என்றாலும், செய்விப்பதிலோ உடன்படுவதிலோ மாட்டிக்கொள்வான். மனுவும் ஓரிடத்தில் இதே வழியில் போகிறார். அனுமதித்தவன், கொன்றவன், துண்டு போட்டவன், வாங்கியவன், விற்றவன், சமைத்தவன், பரிமாறியவன், தின்றவன் என்று எட்டுப் பேரையும் கொலையாளி என்கிறார். ஆனால் அதே அத்தியாயத்தில், வேள்விக்காகக் கொல்வது கொலையே அல்ல என்றும் சொல்லிவிடுகிறார். எட்டுப் பேரும் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்கியிருக்கிறார்.

தமிழில் இந்த வழக்கைக் கையில் எடுத்தவர் வள்ளுவர். 256-ஆவது குறள்:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

யாருடைய பெயரையும் அவர் சொல்லவில்லை. ஆனால் 'நான் கொல்லவில்லை, விலைக்கு வாங்கினேன்' என்று சொல்லும் ஒருவர் எதிரில் நிற்பதாக வைத்துக்கொண்டால்தான் இந்தக் குறளின் கூர்மை தெரியும். இதில் ஒரு பாடபேதமும் உண்டு. சில பதிப்புகளில் 'கொல்லாது' என்று இருக்கும், சிலவற்றில் 'கொள்ளாது'. லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையில் நாக்கு புரளும் அளவுதான் தூரம். 'கொல்லாது' என்றால், தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விற்பவர் இல்லை. 'கொள்ளாது' என்றால், தின்பதற்காக உலகம் வாங்காவிட்டால் விற்பவர் இல்லை. எனக்கு இரண்டாவது பாடம்தான் பிடிக்கும். வாதம் அதில் நேராக ஓடுகிறது. முதல் பாடத்திலும் முடிவு அதே இடத்துக்குத்தான் வருகிறது, வாங்குவதே கொல்வதாகிவிடுகிறது. ஜாம் பஜார் பாய் பத்து ஆட்டை மூன்றாக்கியது இந்தக் குறளுக்கு நடைமுறைச் சான்று. அவர் குறளைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை, கணக்கு நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது என் பையைப் பிரிக்கிறேன். புத்தர் விதியை எனக்கு வைத்தால் (அது பிக்குகளுக்கு உரியது, எனக்கு அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான்) ஆட்டுக்கறி தேறிவிடும். யாருக்காக என்று குறிக்காமல், எங்கோ, எப்போதோ அறுத்தது. கோழி தேறாது. நான் விரல் நீட்டிய பிறகுதான் அது செத்தது. கண்டேன், கேட்டேன், ஐயத்துக்கு இடமே இல்லை. வள்ளுவரிடம் போனால் இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியாத தூரம் அவர் கணக்கில் கழிவாகாது.

ஆனால் வள்ளுவரை மேற்கோள் காட்டும் மேடைகளில் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. புலான் மறுத்தல் 26-ஆம் அதிகாரம், கொல்லாமை 33-ஆம் அதிகாரம். இரண்டும் துறவறவியலில் இருக்கின்றன. விருந்தோம்பல் முதலானவற்றைப் பேசும் இல்லறவியலில் இவை இல்லை. பெண்டு பிள்ளையோடு இருப்பவனுக்கு வள்ளுவர் இதைக் கட்டாயமாக்கினாரா என்று வாதிட இடம் இருக்கிறது. 256-இல் 'உலகு' என்று பொதுப்பட வருவதைப் பார்த்தால் எல்லாரையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நான் நினைக்கிறேன். அதிகாரத்தை வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால் அப்படி அடித்துச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பது தெரிந்ததுதான். 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள். அந்த மாநிலத்தின் தலைநகரத்தில் திருவள்ளுவர் தினத்தன்று கறிக்கடைகளை மூடுகிறார்கள். மகாவீரர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், காந்தி ஜெயந்தி ஆகியவற்றுக்கும் மூடுகிறார்கள். இதனால் ஆட்டுக்கு என்ன லாபம் என்று பாயிடம் கேட்டேன். அவர் சிரித்தார். மகாவீரர் ஜெயந்திக்கு முந்தின நாள் சாயங்காலம் கூட்டம் வந்துவிடும், மூடியிருக்கும் நாளின் ஆடு முந்தின நாளே அறுபட்டுவிடும், ஒரு ஆடுகூடக் குறையாது என்றார். திருவள்ளுவர் தினம் இன்னும் வேடிக்கை. அது தை இரண்டாம் நாள். மறுநாள் காணும் பொங்கல், பல வீடுகளில் கறிக்குழம்பு கட்டாயம். வள்ளுவருக்காகக் கடை மூடியிருக்கும்போதே பாய் மறுநாளைக்கான பெரிய கொள்முதலுக்குப் பேசி வைத்துவிடுவார்.

புரட்டாசியோ முழுசாக ஒரு மாதம். "இந்த மாதம் சாப்பிடாததை எல்லாம் தீபாவளிக்குச் சேர்த்துச் சாப்பிட முடியாதே, வயிறு ஒன்றுதானே" என்றார் பாய். ஆடு நிஜமாகவே குறைகிறது. அகிம்சையின் பேரில் வந்த ஒருநாள் உத்தரவு ஆட்டின் தேதியை மட்டும் மாற்றுகிறது. அகிம்சையை நினைக்காத ஒரு மாத விரதம் ஆட்டின் எண்ணிக்கையை மாற்றுகிறது.

அகிம்சையை நினைக்காத என்று யோசித்துத்தான் எழுதினேன். எங்கள் வீட்டில் புரட்டாசி முதல் நாள் அம்மா அடுக்களையைக் கழுவிவிடுவார். கறி சமைக்கும் மண்சட்டி பரணுக்குப் போகும். ஃபிரிட்ஜில் இருக்கும் முட்டை பக்கத்து வீட்டுக்குப் போகும். பேக்கரி கேக்கைக் கையில் எடுத்தால் "முட்டை போட்டதா?" என்று கேட்பார். சனிக்கிழமை தளிகை, மாவிளக்கு. இத்தனையிலும் ஆடு என்ற சொல் ஒரு தடவைகூட வராது. ஏன் சாப்பிடக் கூடாது என்றால் பெருமாள் மாதம் என்பார். கொஞ்சம் துருவினால், வெயிலும் மழையும் கலந்த மாதம், சூட்டைக் கிளப்பும் உணவு வயிற்றுக்கு ஆகாது என்பார். கேள்வி நம் உடம்பைப் பற்றியும் பாத்திரத்தின் சுத்தத்தைப் பற்றியும் நாளைப் பற்றியும் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை எல்லாம் இப்படித்தான். புதன்கிழமை ஆட்டுக்கும் வெள்ளிக்கிழமை ஆட்டுக்கும் வலியில் வித்தியாசம் இருக்க முடியாது.

நம்முடைய சொல்லே இதைக் காட்டிக்கொடுக்கிறது. மரக்கறி உணவுக்குத் தமிழில் 'சைவம்' என்று ஒரு சமயத்தின் பெயரை வைத்திருக்கிறோம். சைவ மடங்கள், சைவ வேளாளர் வீடுகள் ஆகியவற்றின் அடுக்களை வழக்கம் சமயத்தின் பெயரையே எடுத்துக்கொண்டுவிட்டது. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவத்துக்குப் போய் நின்று பாருங்கள். மாட வீதிகளில் வரும் அறுபத்து மூவரில் கண்ணப்பர் இருக்கிறார். காளத்தியில் பன்றி இறைச்சியைச் சுட்டு, பல்லால் கடித்துப் பதம் பார்த்துச் சிவனுக்குப் படைத்த வேடர். அதிபத்தர் இருக்கிறார். வலையில் சிக்கும் முதல்தர மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்ட நாகப்பட்டினத்துப் பரதவர். ஒன்றை விட்டார், மற்றவற்றைப் பிடித்தார், அதுதான் அவர் தொழில். அந்தச் சமயம் அன்பை அளந்திருக்கிறது, தட்டை அளக்கவில்லை. பல்லக்கைச் சேவித்துவிட்டு வரும் நம்மிடம் ஓட்டல் சர்வர் "சைவமா, அசைவமா?" என்று கேட்கிறார்.

இதே குழப்பம் ஒருமுறை சட்டமாகவும் வந்தது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-லிருந்து ஏட்டில் இருந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த அரசு உத்தரவிட்டது. கிராமத் தெய்வங்களைக் கும்பிடுபவர்களிடம் எதிர்ப்பு கிளம்பியது. 2004-இல் சட்டமே ரத்தானது. சாமிக்கு வெட்டினால் குற்றம், அதே ஆட்டைச் சந்துக்கடைசியில் விலைக்கு வெட்டினால் தொழில் என்பது அந்தச் சட்டத்தின் நிலை. வள்ளுவர் வேள்விக் கொலையையும் ஏற்கவில்லை, விலைக் கொலையையும் ஏற்கவில்லை. சட்டம் பாதிக் குறளைத்தான் படித்திருந்தது.

ஆட்டைப் பற்றி நேராகப் பேசியவர், கறி விற்கும் பாய்தான். இஸ்லாம் புலாலை அனுமதிக்கிறது. அனுமதித்துவிட்டு, கத்தி விழும் நேரத்தின் மீது விதிகளை வைக்கிறது. எல்லாவற்றிலும் நல்ல முறையை இறைவன் விதித்திருக்கிறான், அறுத்தால் நல்ல முறையில் அறுங்கள், கத்தியைக் கூர்மையாக்கி விலங்கின் வேதனையைக் குறையுங்கள் என்பது நபிமொழி. விலங்கின் கண் முன்னால் கத்தியைத் தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது, தண்ணீர் காட்ட வேண்டும் என்று பாய் விரல்விட்டு எண்ணினார். பலியின் இறைச்சியோ இரத்தமோ இறைவனை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது என்று குர்ஆனும் சொல்கிறது. புலால் வேண்டாம் என்று விரதம் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுக்க வராத ஆட்டின் கண், புலால் விற்பவர் பேச்சில் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது.

அங்கேயும் இடைவெளி இருக்கிறது, அதை அவரே ஒப்புக்கொண்டார். நான்கு கடை தள்ளி இருக்கும் கோழிக்கடையில் பிஸ்மில்லா சொல்லித்தான் அறுக்கிறார்கள். ஆனால் கூண்டு எதிரிலேயே இருக்கிறது. ஒரு கோழி அறுபடுவதை முப்பது கோழிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. லாரியில் பெட்டி பெட்டியாக இரவெல்லாம் வந்தவை, தண்ணீர் காட்ட யாருக்கும் நேரம் இல்லை. ஹலால் என்று பலகை இருக்கிறதா என்று வாடிக்கையாளர் பார்ப்பார். கூண்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. "நாற்பது வருடத்துக்கு முன் கடைக்கு இரண்டு கோழி வரும், அப்போது மறைவாக அறுப்பது சுலபம்" என்றார் பாய்.

அவர் சொன்ன அந்த எண்ணிக்கை எனக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்தியது. சமண ஆகமங்களில் ஒன்றான சூத்திரகிருதாங்கத்தில் யானைத் தவசிகள் என்று ஒரு கூட்டம் வருகிறது. ஆண்டுக்கு ஒரு யானையை அம்பெய்து கொன்று அந்த ஒரே இறைச்சியில் ஆண்டு முழுவதும் வாழ்கிறோம், மற்ற எல்லா உயிர்கள் மீதும் உள்ள இரக்கத்தால்தான் இப்படிச் செய்கிறோம் என்பது அவர்கள் வாதம். சமணர் தரப்பில் பேசும் ஆர்த்ரகர் அதை ஏற்கவில்லை. ஒன்றே ஒன்று என்றாலும் தெரிந்து கொல்வது கொல்வதுதான் என்றார். வாதத்தில் தோற்றாலும் யானைத் தவசிகள் எண்ணத் தெரிந்தவர்கள். ஒரு ஆடு சுமார் பத்துக் கிலோ கறி தரும். அதே பத்துக் கிலோவுக்கு பிராய்லர் கோழி என்றால் ஏழெட்டு உயிர். நெத்திலி என்றால் எண்ணவே முடியாது. டாக்டர் சிவப்பு இறைச்சியைக் குறைக்கச் சொன்னார் என்று ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறிய என் மாமா, 'பாதி சைவம்' ஆகிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார். அவர் கணக்கில் உயிர் ஏழு மடங்கு கூடியிருக்கிறது. தவக்காலத்தில் கறியை நிறுத்திவிட்டு மீனை வைத்துக்கொள்ளும் சாந்தோம் நண்பரின் கணக்கும் அப்படித்தான். ஆனால் அவர் சபை அந்த நோன்பை உயிர்களுக்காக வைக்கவில்லை. சுவையான ஒன்றைத் துறந்து தன்னை ஒறுப்பதற்காக வைத்தது. ஆதியாகமத்தில் முதலில் விதை தரும் பூண்டும் கனி தரும் மரமும்தான் உணவு, பிரளயத்துக்குப் பிறகே இறைச்சிக்கு அனுமதி என்று அவர் ஒருநாள் எடுத்துக் காட்டினார். அதைப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லி அவர் கேட்டதில்லையாம்.

ஏழுகிணறில் வாழ்ந்து வடலூர் போன வள்ளலார் மட்டும் இந்த விஷயத்தில் நாள், நட்சத்திரம், பாத்திரம் எதையும் பார்க்கவில்லை. கொலையும் புலையும் உடையவர்கள் என் உறவினத்தார் அல்லர், புறவினத்தார் என்று பாடினார். அப்படிப் பாடிய கையோடு, அவர்களுக்கும் பசி வந்தால் சோறு போடு, அது மட்டும் செய் என்றும் சொன்னார். கறி தின்பவனை உறவு இல்லை என்று ஒதுக்கிவிட்டு இலை போடச் சொன்ன அந்த இரண்டு வரியை, கண்டிப்பு என்று எடுப்பதா கருணை என்று எடுப்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு அம்மாவே கடைக்கு வந்தார். வரிசை தெருவைத் தாண்டியிருந்தது. எங்கள் முறை வந்ததும், "என்ன பாய், இன்றைக்கு எத்தனை?" என்றேன்.

"பதினான்கு" என்றார், கத்தியைத் துடைத்துக்கொண்டே. பிறகு அம்மாவைப் பார்த்து, "ஒரு மாதம் லீவு விட்டீர்களே அம்மா, என்ன போடட்டும்?"

"நெஞ்செலும்பு அரைக் கிலோ. கொழுப்பு இல்லாமல் பார்த்துப் போடுங்கள்" என்றார் அம்மா.